ஈரோடு மாதிரி ஊரில் கோவொர்க்கிங் இடம்: பெயர், லோகோ, போர்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் லோகோ, போர்டு வேலை செய்து தருகிறேன். கொஞ்ச காலமாகக் கோவொர்க்கிங் இடம் தொடங்குகிறவர்கள் நிறைய வருகிறார்கள். மாடியில் ஒரு ஹால், நாள் மாத வாடகைக்கு முப்பது நாற்பது சீட். தனியாக வேலை செய்யும் டிசைனர், டெவலப்பர், ஜவுளி மெர்ச்சண்டைசர், இரண்டு மூன்று பேர் சேர்ந்த ஸ்டார்ட்அப் எல்லாம் வருவார்கள் என்று எதிர்பார்ப்பு. வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. லோகோ ஒண்ணு பண்ணிட்டா பிராண்டு ரெடிதானுங்களே?

இல்லைங்க. துணிக்கடை என்றால் வாங்க வருகிறவர் உங்கள் வாடிக்கையாளர், அவரோடு கதை முடிந்தது. கோவொர்க்கிங்கில் உங்கள் வாடிக்கையாளருக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். அது உங்கள் மெம்பரின் கிளையண்ட். இத்தனை நாள் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் உங்களிடம் மாத சீட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரூரிலிருந்து அவருடைய பார்ட்டி ஃபைலோடு வருகிறார். மேப்பில் தேடுகிறார், ரோட்டில் வண்டியை நிறுத்திப் போர்டைப் பார்க்கிறார், படி ஏறுகிறார், முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்.

இந்த ஒவ்வொரு இடத்திலும் கண்ணில் படுவது உங்கள் பிராண்டு. ஆனால் எடைபோடப்படுவது அந்தப் பெண். "நல்ல இடத்துல ஆபீஸ் வெச்சிருக்காங்க" என்று அவர் நினைத்துவிட்டால், அடுத்த மாதம் சீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. நம் பிராண்டு மெம்பரின் பெயரைத் தாங்க வேண்டும், அதை மறைக்கக் கூடாது.

2. யார் வருவாங்கன்னே இன்னும் தெரியாது. அதுக்குள்ள பிராண்டு பண்றது சரியா?

பெயர் வைக்கும் முன் பத்துப் பேரிடமாவது பேசிவிடுங்கள். சீட்டுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று ஆரம்பிக்க வேண்டாம். "இப்போ கிளையண்ட்ட எங்க வெச்சுப் பார்க்குறீங்க? பில்லுல எந்த விலாசம் போடுறீங்க? கூரியர் எங்க வருது?" என்று கேளுங்கள். பேக்கரியில் பார்க்கிறேன், பில்லில் மாமனார் வீட்டு விலாசம், கூரியர் நண்பனின் கடைக்கு வருகிறது என்ற மாதிரி பதில்கள் வரும். ஏசி, வைஃபை, காபி எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

அதோடு, வேலை பார்க்கும் இடத்தை அவர்கள் வீட்டாரிடம் எந்த வார்த்தையில் சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 5ஆம் கேள்விக்கு அது தேவைப்படும்.

3. பேர் தமிழ்ல வைக்கறதா, இங்கிலீஷ்லயா?

எந்த மொழியானாலும் சரி, ஃபோனில் ஒரு தடவை சொன்னால் பிடிபட வேண்டும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஆட்டோ ஓட்டுபவர், கூரியர் பையன், உங்கள் ஆடிட்டர் ஆபீஸில் டைப் செய்பவர் என்று மூன்று பேரிடம் ஃபோனில் பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். திரும்பச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில் எழுதி வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மூவரும் மூன்று விதமாக எழுதினால் மெம்பரின் கிளையண்டும் அப்படித்தான் தேடுவார், மேப்பில் இடம் வராது. தமிழ்ப் பெயர்களில் நெடில், ழ, ள வரும் இடங்களில் இந்தச் சிக்கல் அதிகம்.

ஒரு பேச்சுக்கு 'வாசல்' என்று வைத்துக்கொள்வோம். சொல்ல எளிது, காதில் தெளிவாக விழுகிறது. ஆங்கிலத்தில் Vaasal, Vasal என்று இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒன்றை அதிகாரபூர்வமாக வைத்துக்கொண்டு இரண்டுக்கும் டொமைன் கிடைக்குமா என்று பாருங்கள். ஊர்ப் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் கரூரிலோ நாமக்கல்லிலோ கிளை போட்டால் இடிக்கும். டிரேட்மார்க்கிலும் உதவாது, அதை 14ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

4. 'கூடுதுறை'ன்னு வெச்சா எப்படிங்க? ஆறுகள் கூடுற மாதிரி எல்லாரும் வந்து கூடுற இடம்?

சென்னையில் உட்கார்ந்து யோசிக்கும் ஏஜென்சிக்கு இது அழகான பெயராகத் தோன்றும். நம்ம ஊர்க்காரர் காதில் கூடுதுறை என்று விழுந்தால் பவானி சங்கமேஸ்வரர் கோயில் படித்துறை ஞாபகம் வரும். கூடவே தர்ப்பணமும் அஸ்தி கரைப்பதும் ஞாபகம் வரும். "நான் கூடுதுறைல இருக்கேன், வந்துருங்க" என்று மெம்பர் தன் கிளையண்டிடம் எப்படிச் சொல்வார்? மேப்பில் தேடினாலும் பவானிக்குத்தான் போய் நிற்பார்.

'பட்டறை'யும் அடிக்கடி வரும் யோசனை. இந்தப் பக்கம் பட்டறை என்றால் வெல்டிங், லேத். அதனால் பெயரின் பொருள் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அந்தச் சொல்லை ஊரில் எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

5. பேருக்குக் கீழ 'கோவொர்க்கிங் ஸ்பேஸ்'னு போட்டா ஜனங்களுக்குப் புரியுமா?

கோவையிலோ சென்னையிலோ வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்களுக்குப் புரியும். கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரருக்குப் புரியாது. உங்கள் மெம்பரைத் தேடி வருகிறவர் முதலில் விசாரிப்பது அவரிடம்தான். "மேல என்னமோ கம்ப்யூட்டர் சென்டருங்க" என்று அவர் சொன்னால் அன்றைக்கு மெம்பரின் மதிப்பு ஒரு படி இறங்கும். எனவே பெயருக்குக் கீழே செய்கிற வேலையைப் பேச்சுத் தமிழில் போடுங்கள்: 'ஆபீஸ் சீட், நாள் மாத வாடகை'. ஆங்கிலத்தில் கோவொர்க்கிங் என்பது மேப்பிலும் இணையத்திலும் இருந்தால் போதும், தேடுகிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் டைப் செய்வார்கள்.

கட்டண அட்டைக்கும் இதே வழிதான். ஹாட் டெஸ்க், டெடிகேட்டட் டெஸ்க் என்று போட்டால் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி முடியாது. 'நாள் சீட்', 'மாத சீட்', 'கேபின்', 'விலாசம் மட்டும்' என்று எழுதுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த தொகையா, தனியா என்பதையும் அதே வரியில் போடுங்கள். பில் வந்த பிறகு அதைக் கேட்க வைத்தால் மெம்பர் முகம் சுளிப்பார்.

6. சரி, லோகோ எப்படி இருக்கணும்?

அடக்கமாக. எழுத்தாலேயே ஆன லோகோ போதும். வட்டத்துக்குள் மனித உருவங்கள் கைகோத்து நிற்பது, பல்பு, மேசைவிளக்கு எல்லாம் வேண்டாம். எந்த ஊர்க் கோவொர்க்கிங்குக்கும் அவை பொருந்திவிடும். வந்த டிசைனை மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள்: ஒரே கலரில் ரப்பர் ஸ்டாம்பாக, பிரவுசர் டேபில் தெரியும் சின்னச் சதுரமாக, மெம்பரின் பெயருக்குக் கீழே சிறு எழுத்தில் ஒரு வரியாக. மூன்றாவதில்தான் பல லோகோக்கள் தோற்றுப்போகின்றன. மெம்பரின் பெயரோடு போட்டி போட்டுக்கொண்டு நிற்கும்.

தமிழ் வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் ஒரே சமயத்தில் வரையச் சொல்லுங்கள். ஆங்கிலத்தை முடித்துவிட்டு கடைசி நாளில் கையில் கிடைத்த ஃபாண்டில் தமிழை அடித்து ஒட்டினால், போர்டில் பெரிதாக நிற்பது அந்த ஒட்டுப்போட்ட பாதியாகத்தான் இருக்கும். ஏன் என்று 9ஆம் பதிலில் தெரியும்.

7. மஞ்சள் ஊராச்சே, கலர் மஞ்சள்தானே போடணும்?

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தக் கலர் மேல் எல்லோருக்கும் ஆசை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பன்னீர்செல்வம் பார்க் வரை நடந்து பாருங்கள், எத்தனை மஞ்சள் போர்டு என்று. கூட்டத்தில் கரைந்துபோவதற்கா செலவு செய்கிறோம்? உள்ளூர் அடையாளம் வேண்டும் என்றால் பவானி ஜமக்காளத்தின் கோடுகளைப் போல ஒரு அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். அகலமான கோடு, பக்கத்தில் மெல்லிய கோடு, திரும்பவும் அகலமானது. கண்ணாடிக் கதவில், படிக்கட்டுச் சுவரில், பில்லின் ஓரத்தில் என்று எங்கும் ஓடவிடலாம். எந்தக் கலரிலும் அது நிற்கும்.

கலரைத் தேர்ந்தெடுக்க நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் பெயிண்ட் கடையின் ஷேட் அட்டையில் சுவர்க் கலரைத் தேர்ந்தெடுத்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்கிறோம். அப்புறம் அச்சுக்கும் ஃபிளெக்ஸுக்கும் அதற்கு நெருக்கமான கலவையை மாதிரி அடித்துப் பார்த்து முடிவு செய்கிறோம். திரையில் பார்த்த கலரைச் சுவரில் கொண்டுவரப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். இடத்திலேயே பெரிய பரப்பு சுவர், அதனால் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

இன்னொன்று, வீடியோ கால் பேசும் மூலையில் பிராண்டு கலரே வேண்டாம். பக்கத்துச் சுவர் அடர் மஞ்சளாக இருந்தால் பேசுகிறவர் முகத்தில் மஞ்சள் அடிக்கும், காமாலைக்காரர் போலத் தெரிவார். அங்கே வெளிர் சாம்பலோ பழுப்பு கலந்த வெள்ளையோ அடியுங்கள். முதுகுப்பக்கச் சுவரில் உங்கள் லோகோவை மாட்ட வேண்டாம். கால் அவருடையது, மறுமுனையில் இருப்பது அவருடைய கிளையண்ட். தலைக்கு மேலே நம் பெயர் தெரிந்தால் அவர் நம்மிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவராகத் தோன்றிவிடும்.

8. டிசைனர் அனுப்பின தமிழ் எழுத்து போர்டுக் கடையில போனதும் உடைஞ்சு வருதே, ஏன்?

டிசைனர் யூனிகோடில் அடித்திருப்பார். போர்டுக் கடையில் பழைய கோரல்டிராவும் பாமினி மாதிரி பழைய வகை ஃபாண்டுகளும் இருக்கும். யூனிகோடு எழுத்தை அங்கே திறந்தால் 'கெ', 'கொ' போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி தனியாக விலகும், சில சமயம் வெறும் கட்டங்கள் வரும். அவசரத்தில் கடைக்காரர் தன்னிடம் உள்ள ஃபாண்டில் திரும்ப அடித்துவிடுவார், உங்கள் லோகோ அங்கேயே போய்விடும்.

தீர்வு எளிது. எழுத்தை எல்லாம் ஃபாண்டு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, அதாவது கர்வ்ஸாக மாற்றிப் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்கள். கூடவே சரியாக எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு படமும் அனுப்புங்கள், கடைக்காரர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அன்றாட நோட்டீஸ், வாட்ஸப் படங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் Mukta Malar, Hind Madurai, Anek Tamil மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். மூன்றிலும் ஆங்கில எழுத்தும் சேர்ந்தே வருவதால் இரண்டும் ஒட்டி நிற்கும். தமிழ் வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் அதிக இடைவெளி விடுங்கள். மேலே 'ி' வளைவும் கீழே 'ு' வாலும் முட்டிக்கொண்டால் வாசிக்கவே முடியாது.

9. வாசல் போர்டு எவ்வளவு பெருசு வேணும்? தமிழ் கட்டாயமா?

கட்டாயம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதன்மை. தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் இருந்தால் 5:3:2 என்ற அளவு. தமிழும் ஆங்கிலமும் மட்டும் என்றால் 5க்கு 3 என்று வைத்துக் கணக்குப் போடுவேன்.

அளவைத் தூரத்திலிருந்து தொடங்குங்கள். போர்டுக் கடைகளில் சொல்லும் கணக்கு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து உயரம். பெருந்துறை ரோடு மாதிரி அகலமான சாலையில் முதல் மாடி ஹால் என்று வைப்போம். எதிர்ச்சாரியில் பைக்கில் வருபவருக்கும் போர்டுக்கும் 60 அடி. எனில் ஆங்கில எழுத்து 6 அங்குலம், 5:3 கணக்கில் தமிழ் 10 அங்குலம். 10 அங்குலம் என்பது 'ச' எழுத்தின் உடல் உயரம். 'ல்' மேலிருக்கும் புள்ளிக்கு இன்னும் 3 அங்குலம் விட வேண்டும். 'வாசல்' 10 அங்குலத்தில் கிட்டத்தட்ட 4 அடி அகலம் பிடிக்கும். கீழே 6 அங்குலத்தில் ஆங்கிலம், அதற்கும் கீழே 4 அங்குலத்தில் 'ஆபீஸ் சீட், நாள் மாத வாடகை'. இந்தக் கடைசி வரிதான் நீளம், ஏழடியை நெருங்கும். இடைவெளிகளும் ஓரமும் சேர்த்தால் போர்டு 8 அடிக்கு 3 அடி. நான்கு அங்குல வரி 40 அடியிலிருந்துதான் தெளிவாகத் தெரியும். அது போதும், வண்டியை மெதுவாக்கியவருக்குத்தான் அந்த வரி.

ஃபிளெக்ஸ் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். ஏசிபி என்ற அலுமினியக் கலவை ஷீட்டில் அக்ரிலிக் எழுத்து, உள்ளே எல்இடி வைத்தால் இரவிலும் தெரியும். தமிழ் எழுத்தின் சுழிகள் உள்ள இடத்தில் கோடு மிகத் தடிமனாக இருந்தால் இரவில் ஒளி கலங்கி எழுத்து ஒரு திட்டாகத் தெரியும். ஆர்டர் கொடுக்கும் முன் ஒரே ஒரு எழுத்தைச் செய்யச் சொல்லி, இருட்டில் எரியவிட்டு, எதிர்ச்சாரியிலிருந்து பாருங்கள்.

10. மெம்பர்ஸ் பேரை எல்லாம் வெளியில போடணுமா? போர்டு அசிங்கமா ஆயிடுமே?

போடத்தான் வேண்டும். பிராண்டு வேலையில் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தப் பலகைக்குத்தான். ஜிஎஸ்டி விதி 18 சொல்வது இரண்டு விஷயம். பதிவுச் சான்றிதழைத் தொழில் நடக்கும் இடத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். நுழைவாயிலில் உள்ள பெயர்ப் பலகையில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். உங்கள் விலாசத்தில் பதிவு செய்திருக்கும் ஒவ்வொரு மெம்பருக்கும் இது பொருந்தும். மெம்பர் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்து உங்கள் இடமே அதன் பதிவு அலுவலகம் என்றால், கம்பெனிகள் சட்டம் 12ஆம் பிரிவும் சேரும். கம்பெனி பெயரும் விலாசமும் வெளியே தெரிய வேண்டும், உள்ளூர் மொழி எழுத்திலும் இருக்க வேண்டும். அதிகாரி நேரில் சரிபார்க்க வரும்போது பலகையில் பெயரைக் காணோம் என்றால் மாட்டிக்கொள்வது மெம்பர், கெடுவது உங்கள் பெயர்.

இதை ஆளுக்கொரு ஸ்டிக்கராக ஒட்ட விட்டால் ஆறே மாதத்தில் படிக்கட்டுச் சுவர் நோட்டீஸ் பலகை ஆகிவிடும். அதற்குப் பதில் படியின் அடியில் ஒரே பலகை வையுங்கள். ஏசிபி தளத்தில் அலுமினியச் சேனல் அடித்து, ஓரடி நீளம் இரண்டரை அங்குல உயரமுள்ள அக்ரிலிக் பட்டைகளை நுழைத்து எடுக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் மேலே மெம்பர் பெயர் தமிழில், அடுத்து ஆங்கிலத்தில், கீழே 15 இலக்க ஜிஎஸ்டி எண், வலப்பக்கம் சீட் அல்லது கேபின் எண். கம்பெனி என்றால் முழு விலாசத்துக்கும் ஒரு வரி சேர்த்து, பட்டையின் உயரத்தை அதற்கேற்ப கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே ஃபாண்டு. மெம்பரின் லோகோ வேண்டாம், ஒருவருக்குப் பெரிதாகவும் ஒருவருக்குச் சின்னதாகவும் போய் மனஸ்தாபம் வரும். உங்கள் பெயர் இந்தப் பலகையில் அடியில் சின்னதாக இருந்தால் போதும்.

பட்டையின் டிசைன் ஃபைலை அருகிலுள்ள ஸ்டிக்கர் கடையில் கொடுத்து வையுங்கள். சேர்ந்த மறுநாளே பெயர் ஏற வேண்டும். புது மெம்பர்கள் அந்தப் பட்டையை ஃபோட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட நல்ல விளம்பரம் உங்களுக்கு வேறு கிடைக்காது.

11. 'எங்க விலாசத்துல கூகுள் மேப்ல உங்க கம்பெனி வரும்'னு விளம்பரம் போடலாமா?

வேண்டாம். கோவொர்க்கிங் இடத்தில் இருக்கும் நிறுவனம் மேப்பில் தனியாக வர கூகுள் மூன்று நிபந்தனை வைத்திருக்கிறது. தெளிவான பெயர்ப் பலகை, வேலை நேரத்தில் அங்கே வாடிக்கையாளரைச் சந்திப்பது, அந்த நேரத்தில் அவர்களுடைய ஆளே அங்கே இருப்பது. கேபின் எடுத்தவருக்கு இது சரிப்படும். 'விலாசம் மட்டும்' எடுத்து இங்கே வந்து உட்காராதவருக்குச் சரிப்படாது, பட்டியல் முடக்கப்படலாம். நீங்கள் சொன்னதை நம்பிச் சேர்ந்தவர் திட்டுவது உங்களைத்தான்.

உங்கள் சொந்தப் பட்டியலில் பெயரைப் போர்டில் உள்ளபடியே போடுங்கள். 'வாசல் பெஸ்ட் கோவொர்க்கிங் ஈரோடு' என்று சேர்ப்பது விதிக்குப் புறம்பு. முதல் ஃபோட்டோ ரோட்டிலிருந்து தெரியும் முகப்பாக இருக்கட்டும், தேடி வருகிறவருக்கு அதுதான் உதவும்.

12. மின்தடை, ஜெனரேட்டர் இதெல்லாம் பிராண்டுல வருமா?

நம்ம ஊர்களில் அதுதான் முன்வரிசையில் வர வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு எந்தப் பகுதியில் எந்த நாள் மின்சாரம் இருக்காது என்று மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது, நாளிதழ்களிலும் வருகிறது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு அந்தப் பகல் முழுக்க வீண். முந்தின நாள் மாலை உங்கள் ஸ்டேட்டஸில் 'நாளை சம்பத் நகர் பகுதியில் மின்தடை. இங்கே நாள் சீட் உண்டு, ஜெனரேட்டர் ஓடும்' என்று போடுங்கள். லோகோ ஓரத்தில் சின்னதாக இருந்தால் போதும். மாதாமாதம் தவறாமல் செய்தால், கரண்ட் போனால் உங்கள் பெயர் ஞாபகம் வரும் அளவுக்கு ஊரில் பதியும்.

ஆனால் அன்றைக்கு ஜெனரேட்டர் நிஜமாகவே ஓட வேண்டும். ஏசியும் ஓடுமா, விளக்கும் வைஃபையும் மட்டுமா என்பதையும் அதே செய்தியில் சொல்லிவிடுங்கள்.

13. பெண்கள் விசாரிக்கிறாங்க, ஆனா சேர மாட்டேங்கறாங்க. ஒரு லேடீஸ் பிராண்டு தனியா பண்ணலாமா?

பிங்க் கலரில் தனி லோகோ போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. விசாரிப்பவர் முடிவெடுப்பது பெரும்பாலும் வீட்டிலிருப்பவரிடம் ஃபோட்டோவைக் காட்டிய பிறகு. அந்த ஃபோட்டோவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டு முகங்கள் சிரிக்கும் இணையப் படமா, உங்கள் படிக்கட்டும் விளக்கும் வாசலுமா? படிக்கட்டு வெளிச்சம், தனிக் கழிவறை, கண்ணாடி வைத்த கேபின் கதவு, முன்னால் உட்காருபவர், மூடும் நேரம் இவற்றைப் படமாகவும் எழுத்தாகவும் போடுங்கள். வீட்டு விலாசத்தை எல்லோருக்கும் தர வேண்டியதில்லை என்பதைப் பலர் முக்கியமாக நினைக்கிறார்கள், அதையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

14. பேரை டிரேட்மார்க் பண்ணணுமா? எந்த கிளாஸ்?

போர்டு அடிக்கும் முன் ipindia.gov.in தளத்தின் பொதுத் தேடலில் பாருங்கள். கோவொர்க்கிங்குக்கு அலுவலகத்தை வாடகைக்கு விடுவது 36ஆம் கிளாஸில் வரும், அதுதான் முதலில். கோவொர்க்கிங்கில் அலுவலக உபகரணங்களை வாடகைக்குத் தருவது 35, மீட்டிங் ரூம் வாடகை 43. கையில் காசு குறைவென்றால் 36இல் மட்டும் போடலாம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு இணையவழியில் ஒரு கிளாஸுக்கு ரூ.4,500. மற்றவர்களுக்கு ரூ.9,000.

'ஈரோடு கோவொர்க்' மாதிரி ஊரையும் தொழிலையும் மட்டும் சொல்லும் பெயரை, டிரேட்மார்க் சட்டம் 1999இன் 9ஆம் பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம். 3ஆம் பதிலில் ஊர்ப் பெயர் வேண்டாம் என்றதற்கு இதுவும் காரணம். லோகோவுக்கு முன் பெயரைச் சொல்லாகப் பதிவு செய்யுங்கள், லோகோ பின்னால் மாறலாம். TM குறியை இப்போதே போட்டுக்கொள்ளலாம். ® குறி பதிவு முடிந்த பிறகுதான், முன்னாடியே போடுவது சட்டப்படி குற்றம்.

15. மொத்தமா ஒன்றரை லட்சம்தான் ஒதுக்கியிருக்கோம். எதுக்கு எவ்வளவு?

பாதியை வெளிப் போர்டுக்கும் மெம்பர் பலகைக்கும் வையுங்கள். அடுத்துப் படிக்கட்டு விளக்கு, சுவர், கண்ணாடிக் கதவு ஸ்டிக்கர். லோகோ, எழுத்து, கட்டண அட்டை எல்லாம் சேர்ந்த டிசைன் வேலைக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். டிசைனராகிய நானே இதைச் சொல்கிறேன். உள்ளூர் ஃபோட்டோகிராஃபருக்கு அரை நாள் கூலியும் டிரேட்மார்க் கட்டணமும் அதில் அடங்க வேண்டும். லோகோ போட்ட டீ-ஷர்ட், கப், பேனா எதுவும் முதல் வருடம் வேண்டாம்.

16. கட்டடக்காரர் இப்போ போர்டு வைக்க விட மாட்டேங்கறார். அட்வான்ஸ் கொடுத்தாச்சு.

இப்போது பேசித்தான் தீர்க்க வேண்டும். 8க்கு 3 போர்டு முகப்பில் முடியாது என்றால், படியின் அடியில் மெம்பர் பலகைக்காவது இடம் வாங்குங்கள். 10ஆம் பதிலில் சொன்ன விதிகளைக் காட்டினால் அதற்கு மறுப்பது கஷ்டம். அது வந்துவிட்டால் பெயரும் அதன் தலையில் ஏறலாம்.

இன்னும் ஒப்பந்தம் போடாதவர்கள் போர்டின் இடம், அளவு, விளக்குக்கான மின் இணைப்பு, மெம்பர்களின் பெயரை வைக்கும் உரிமை, இந்த விலாசத்தில் ஜிஎஸ்டி பதிவு செய்ய அவர்களுக்குச் சம்மதக் கடிதம் தரும் உரிமை எல்லாவற்றையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முகப்பை ஃபோட்டோ எடுத்து, போர்டு வரும் இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டி, ஒப்பந்தத்தோடு இணைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் பேச்சே வராது.

17. போன வருஷமே காலி பண்ணிட்டுப் போன மெம்பர் இன்னும் நம்ம விலாசத்தையே பில்லுல போடறார். என்ன பண்றது?

அவருக்கு வரும் நோட்டீஸும் கடன்காரரும் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள், பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பார். தொழில் நடக்கும் இடம் மாறினால் 15 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிவில் திருத்தம் கேட்க வேண்டும் என்பது விதி. இதைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதமும் மெயிலும் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் சம்மதக் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதி, அந்தப் பகுதி ஜிஎஸ்டி அலுவலகத்துக்கும் பிரதி கொடுங்கள்.

இனி சேர்கிறவர்களுக்கு ஒப்பந்தத்தில் மூன்று வரி சேருங்கள். சம்மதக் கடிதம் சீட் எடுத்திருக்கும் காலத்துக்கு மட்டும் செல்லும். காலி செய்தால் 15 நாளுக்குள் விலாச மாற்றத்துக்கு விண்ணப்பித்த ரசீதைக் காட்ட வேண்டும். காட்டிய பிறகுதான் டெபாசிட் திரும்ப வரும். ரசீது வந்த அன்றே பலகையிலிருந்து அவருடைய பட்டையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். காலி இடத்தில் வெற்றுப் பட்டை ஒன்றைச் செருகிவிடுங்கள், பலகையில் ஓட்டை தெரியக் கூடாது.